என் மனைவியிடம் பொறுப்பை ஒப்படைத்த நாட்கள்

பதினான்கு வருடம் நான் முதல்வராக இருந்த பள்ளியின் ஆண்டு விழாவில், ஆண்டறிக்கையை என் மனைவி வாசித்தாள். நான் ராஜினாமா செய்ததற்கு உண்மையான காரணம் அதுதான். கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லை.

எங்கள் பள்ளி கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளி. பத்தாம் வகுப்பு வரைதான். வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர் தாளாளர். நிர்வாகக் குழுவில் அவருடைய சொந்தக்காரர்கள் நான்கு பேர், வெளியார் மூன்று பேர். நான் வரலாறு படித்தவன். என் மனைவி கணக்கு. அவளை அந்தப் பள்ளிக்குக் கொண்டு வந்ததே நான்தான். அவள் விண்ணப்பத்தின் மேல் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது என் பேனா.

அந்த வருடம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு மூன்று வாரமாகக் குரலே வரவில்லை. தேனியில் டாக்டரிடம் காட்டினேன். அதிகம் பேசக்கூடாது என்றார். தாளாளருக்கு அது தெரியும். விழா அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது எடுத்துப் பார்த்தேன். ‘ஆண்டறிக்கை வாசித்தல்’ என்பதற்கு நேராக என் மனைவியின் பெயர். எனக்கு நன்றியுரை.

“உங்க தொண்டைக்காகத்தான் சார். நன்றியுரைன்னா நாலு வரி, சுருக்கமா முடிஞ்சிரும்,” என்றார் தாளாளர்.

அறிக்கையை எழுதியது நான். எந்த வகுப்பில் எத்தனை பேர், யார் மாவட்ட அளவில் ஓடி ஜெயித்தது, எந்தப் பெற்றோர் தண்ணீர்த் தொட்டி கட்டித் தந்தது, எல்லாம் என் வாக்கியங்கள். ஒவ்வொரு வருடமும் நான் வாசிக்கும்போது பெற்றோர் முறுக்குத் தின்றுகொண்டு பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் வாசித்தபோது கேட்டார்கள். ஓடி ஜெயித்த பையனின் பெயர் வந்ததும் அவள் தாளிலிருந்து தலையை எடுத்து, “எங்கன இருக்க, எந்திரிப்பா, எல்லாரும் பாக்கட்டும்,” என்றாள். கூட்டம் முழுக்கக் கை தட்டியது. அது நான் எழுதியதில் இல்லாத வரி. மேடையில் என் நாற்காலியில் உட்கார்ந்து நானும் தட்டினேன். முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொள்ளக் கன்னம் வலித்தது.

அடுத்த திங்கட்கிழமை கடிதம் எழுதினேன். என் பணி நியமன ஆணையில் மூன்று மாத முன்னறிவிப்பு என்று இருக்கிறது. அன்றிலிருந்து எண்ணினால் மே மாதக் கடைசி. பொதுத்தேர்வும் முடிந்து, முடிவும் வந்திருக்கும். பள்ளிக்கு இடைஞ்சல் இல்லாமல் போகிற மனிதன் என்று பெயர் கிடைக்கும். எல்லாம் யோசித்துத்தான் எழுதினேன். யோசிக்காதது ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன்.

கடிதத்தைத் தாளாளரிடம் மண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். தார் தாராக வாழைக்காய் இறங்கிக்கொண்டிருந்தது. நின்றபடியே படித்தார்.

“வீட்டுல சொல்லிட்டீகளா?”

“சொல்லணும்.”

“சரி சார். கமிட்டியில வச்சுச் சொல்றேன்.”

அவ்வளவுதான். பிறகு லாரிக்காரரிடம் திரும்பிவிட்டார். நான் நகலை நீட்டி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வேண்டும் என்றேன். போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கு வந்ததும் எங்கள் எழுத்தர் பாய் அதில் முத்திரை குத்தி, தபால் பதிவேட்டில் எண் போட்டார். உத்தமபாளையத்துக்காரர். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். எண் போடும்போது மட்டும் கை ஒரு நிமிடம் நின்றது. “என்ன சார் இது,” என்றார். அந்த ஒரு கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் மட்டும்தான் கேட்டார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“எழுதிக் குடுத்துட்டு வந்து சொல்றீகளா? முன்னாடி சொல்லணும்னு தோணலயா?”

“தொண்டை ஒத்துழைக்கலயே.”

“தொண்டை ஆறு மாசத்துல சரியாப் போகும்.”

தொண்டையைப் பற்றி அதற்குமேல் பேசாமல் இருக்க டாக்டரே அனுமதி கொடுத்திருந்தார்.

பத்து நாள் கழித்து நிர்வாகக் குழு கூடியது. மறுநாள் காலை பாய் ஒரு உறையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். ராஜினாமா ஏற்கப்பட்டது. மே மாதக் கடைசி நாள் பிற்பகலில் பணியிலிருந்து விடுவிக்கப்படுவேன். அதற்குமுன் பள்ளியின் பொறுப்புகளையும் ஆவணங்கள் அனைத்தையும் கீழ்க்கண்டவரிடம் ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்துப் பெற்றுச் சமர்ப்பிக்க வேண்டும். கீழ்க்கண்டவர் என் மனைவி.

முதுகலையும் பி.எட்.டும் அனுபவமும் உள்ளவர்கள் பள்ளியில் மூன்று பேர். அதில் மூத்தவள் அவள். யாராக இருந்தாலும் அவளைத்தான் போட்டிருப்பார்கள். நானே தாளாளராக இருந்தாலும் அவளைத்தான் போட்டிருப்பேன். அந்த நியாயம்தான் என்னை அதிகம் எரித்தது. தகுதியில்லாத ஒருத்தரைப் போட்டிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கலாம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளை அறைக்குக் கூப்பிட்டேன். பள்ளியில் அவள் என்னை ‘சார்’ என்றுதான் அழைப்பாள். நான் அவளை ‘டீச்சர்’ என்பேன். அன்று எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

“எப்பத் தெரியும்?”

“முந்தாநாளு. கரஸ்பாண்டென்ட் சார் போன் பண்ணுனாக. தீர்மானம் ஆகுறவரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாக.”

“யார்கிட்டயும்னா நானுமா?”

“நீங்க எழுதிக் குடுத்தப்ப நானும் யாரோ ஒருத்திதான.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் நடத்துகிற குரலில், அடுத்த படி இதுதான் என்பதுபோலச் சொன்னாள்.

மார்ச் மாதம் முழுக்க நான் பொறாமையில் வெந்தேன். வேறு சொல் போட்டு எழுத முயன்று பார்த்தேன், சரியாக வரவில்லை. ஆசிரியர்கள் விடுப்புக் கடிதத்தை என் பெயருக்கு எழுதி, அவளிடம் வாயால் கேட்டுவிட்டு, பிறகு என் மேஜையில் வைத்தார்கள். காலைக் கூட்டத்தில் நான் வந்து நின்றால் பிள்ளைகள் விறைப்பாக நிற்பார்கள். பதினான்கு வருடம் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். அவள் வராந்தாவில் நடந்தால் நான்கு பேர் கூடவே ஓடுவார்கள். அவர்களுடைய அம்மாக்களில் பாதிப் பேர் விடியும் முன்னால் ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். யாருடைய அம்மா எந்தத் தோட்டத்துக்குப் போகிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வருகை விழுக்காடு தெரியும்.

என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் பட்டியல். இதுவரை யாரும் செய்யாத மாதிரி ஒப்படைப்புப் பட்டியல் தயாரிப்பது என்று முடிவு செய்தேன். நான் போன பிறகு அதைப் புரட்டுகிறவர்கள், இவ்வளவையும் ஒரு மனிதன் சுமந்தானா என்று மலைக்க வேண்டும். பள்ளி தொடங்கியதிலிருந்து உள்ள சேர்க்கைப் பதிவேடுகள், ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகள், வருகைப் பதிவேடுகள், மாற்றுச் சான்றிதழ் புத்தகங்கள், அங்கீகார ஆணை, கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் காலாவதி, எத்தனை மாதம் முன்பு புதுப்பிக்க எழுத வேண்டும். அறிவியல் ஆய்வகத்தின் கண்ணாடிக் குழாய்வரை எண்ணினேன். சாவிகளுக்கு அட்டை கட்டினேன். நான்கு படிகள் எடுத்தோம். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, தாளாளருக்கு ஒன்று. முதல்வர் மாறுவதைத் தேனியில் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடிதத்தையும், அவளுடைய சான்றிதழ் நகல்களை இணைத்து, நானே தட்டச்சு செய்தேன். அவளுடைய பட்டச் சான்றிதழில் முதல் வகுப்பு என்று இருந்தது. என்னுடையதில் இல்லை. இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. அதே வாரம் ஒப்படைப்பைத் தொடங்கினோம். என் அறையில் நீள மேஜையின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான், ஓரத்தில் பாய். நான் பட்டியலை வாசிப்பேன், பாய் பொருளை எடுத்து வைப்பார், அவள் பார்த்து டிக் போடுவாள். எல்லாம் சரி என்று ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு பதிவேட்டின் பக்க எண்ணையும் பார்த்தாள்.

இரண்டாம் நாள் மாற்றுச் சான்றிதழ் புத்தகங்கள். ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் உண்டு. தாளைக் கிழித்துக் கொடுத்தாலும் அடிக்கட்டை புத்தகத்திலேயே இருக்கும். தப்பாக எழுதிவிட்டால் அந்தத் தாளையும் அடிக்கட்டையோடு ஒட்டி ‘ரத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாள் வெளியே போகக் கூடாது. அவள் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

“சார், இந்த நம்பர் அடிக்கட்டை வெறுமையா இருக்கு. தாளக் காணோம்.”

எனக்கு அது எந்தத் தாள் என்று உடனே தெரிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பையனுடைய பிறந்த தேதியை நான் தப்பாக எழுதி, அடுத்த தாளில் சரியாக எழுதிக் கொடுத்தேன். முந்தையதை ஒட்டி வைத்தால் ‘முதல்வருக்கே தேதி எழுதத் தெரியவில்லை’ என்று யாராவது பார்ப்பார்கள் என்று கிழித்துப் போட்டுவிட்டேன்.

“தப்பா எழுதுன தாளு. கிழிச்சுட்டேன்.”

“அத அடிக்கட்டையில எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. பட்டியல்லயும் குறிப்பு வேணும்.”

“நான் சொல்றது போதாதா?”

“போதும். எழுதிச் சொல்லுங்க.”

பாய் ஜன்னலுக்கு வெளியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காது சுட்டது. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். இதைவிடக் கடுமையாகக் கேட்டிருப்பேன். “நாளைக்கு எழுதுறேன்,” என்று சொல்லிவிட்டு, மேஜையை விட்டு எழுந்துபோய்ச் சுவரோரம் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து எமிஸ். அரசின் பள்ளித் தகவல் இணையதளம். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அதில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை எங்கள் பள்ளியை விட்டுப் போனால் அதில் நாங்கள் பெயரை விடுவிக்க வேண்டும். விடுவித்தால்தான் அடுத்த பள்ளி சேர்க்க முடியும். கடவுச்சொல் பழைய கணினியில் பதிந்து கிடந்தது. அந்த வாரம்தான் அது கெட்டுப்போய் புதியது வந்திருந்தது. புதுக் கடவுச்சொல் போட வேண்டுமென்றால் பதிவாகியிருக்கும் செல்போனுக்கு ஓ.டி.பி. எண் வரும். பதிவாகியிருப்பது என் செல்போன்.

பாய் பொத்தானை அழுத்தினார். பெஞ்சின் மேல் என் தொடையோரம் கிடந்த செல்போன் அதிர்ந்தது.

“வந்திருச்சா சார்?”

“இல்லையே.”

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றே எனக்குத் தெரியும். அந்த ஆறு இலக்கத்தைச் சொல்லிவிட்டால் பிறகு அந்த அறையில் என்னைக் கேட்டு நடக்க வேண்டியது எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதிர்ந்தது. “டவர் இல்ல போல,” என்றேன். அவள் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கூட மகள். பத்தாவது முடித்த பிள்ளை, நானூற்றுச் சொச்சம் வாங்கியிருந்தது. கம்பத்தில் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கப் போயிருக்கிறார்கள். இங்கே பெயரை விடுவித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சிக்கலா இருக்குக்கா,” என்றாள் என் மனைவி. “நாளைக்கு வர முடியுமா?”

“நாளைக்குத் தோட்டத்துக்குப் போகணும் டீச்சர். இன்னைக்கு ஒரு நாளு கேட்டுட்டு வந்தேன். நாளைக்கும் வரலேன்னா ஜீப்புல வேற ஆள ஏத்திக்கிருவாக. அங்கன சயின்ஸ் குரூப்புல இன்னும் ரெண்டு எடந்தான் இருக்காம்.”

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. டீச்சரால் முடியாததை முதல்வர் முடிப்பார் என்று நம்பும் பார்வை. நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பார்வையைத்தான். அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

“பாய், இன்னொரு தடவ அழுத்துங்க.”

அழுத்தினார். அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து எண்ணைச் சொன்னேன். என் குரல் சன்னமாக இருந்ததால் பாய் இரண்டு தடவை கேட்டார். இணையதளம் திறந்தது. அவள் புதுக் கடவுச்சொல் போட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பிள்ளையின் பெயரை விடுவித்தாள். தயாராக இருந்த மாற்றுச் சான்றிதழை அவள் எடுத்துக் கொடுக்க, இன்னும் பதவியில் இருந்த நான் கையெழுத்துப் போட்டேன். தளத்தில் பதிவாகியிருந்த எண்ணையும் தன்னுடைய செல்போனுக்கு மாற்றினாள். அதற்கும் ஒரு ஓ.டி.பி. வந்தது. இந்தத் தடவை உடனே சொன்னேன்.

சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குப் போனோம். இருபுறமும் திராட்சைப் பந்தல். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

“பெஞ்சு ரெண்டு தடவ உறுமுச்சு,” என்றாள்.

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“மொதத் தடவையே கேட்டுச்சு. பாய்க்கும் கேட்டுச்சு.”

“அப்பறம் ஏன் கேக்கல?”

“நீங்களாச் சொல்வீகளான்னு பாத்தேன்.” கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள். “எம்மேல காட்டிக்கங்க. அந்தப் பொம்பள மேல காட்டாதீக.”

வீடு வருவதற்குள் ‘உன்மேல் எனக்குப் பொறாமை’ என்று சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். எதிர்க்காற்றில் அது அவள் காதில் விழுந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய், அந்த அடிக்கட்டையில் எழுதினேன். ‘பிறந்த தேதி என்னால் தவறாக எழுதப்பட்டதால் இத்தாள் கிழிக்கப்பட்டது. ரத்து செய்து ஒட்டி வைக்கத் தவறியது என் பிழை.’ கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டேன். பழைய தேதி போட ஒரு கணம் கை போனது, போடவில்லை. பட்டியலிலும் குறிப்பு எழுதினேன். அவள் வந்து படித்துவிட்டு டிக் போட்டாள்.

கடைசி நாள் பிற்பகல் நான்கு படிகளிலும் கையெழுத்து. ‘ஒப்படைத்தேன்’ என்பதற்குக் கீழே நான். ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்குக் கீழே அவள். தாளாளர் வந்து சால்வை போர்த்தினார். விடுவிப்பு ஆணையைத் தந்தார். பெயர்ப் பலகை எழுதுகிறவர் வெளியே பெயிண்ட் டப்பாவோடு காத்திருந்தார். நான் போகும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

ஜூன் மாதம் முழுக்க வீட்டில் இருந்தேன். காலையில் அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவேன். காவலாளி எழுந்து நிற்பார், அவளுக்கு. பள்ளி திறந்த முதல் வாரம் செல்போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எந்தக் கோப்பு எங்கே, இந்தச் சான்றுக்கு யாருக்கு எழுதுவது என்று கேட்டு அழைப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு அழைப்பும் வரவில்லை. பட்டியலில் எல்லாம் இருந்தது. என்னைத் தேட வேண்டிய அவசியமே இல்லாதபடி நானே எழுதி வைத்திருந்தேன். கம்பம் சந்தையில் ஒருவர் என்னை இன்னொருவருக்கு அறிமுகம் செய்தார். “பெரிய மேடத்தோட வீட்டுக்காரரு.” கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே தலையாட்டினேன்.

குரல் திரும்பியது. கூடலூரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். தலைமைப் பதவி இல்லை, வகுப்பு மட்டும். சரி என்றேன். அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு நான் வேலை பார்த்த பள்ளியின் முதல்வர் கையெழுத்திட்டு, தாளாளர் மேலொப்பம் இட வேண்டும். வீட்டிலேயே கேட்டேன்.

“எழுதிக் குடுங்க,” என்றாள். “தபால்ல எண் போடணும்ல.”

விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனேன். உள்ளே இரண்டு பெற்றோர் இருந்தார்கள். வராந்தாவில் காத்திருந்தேன். பாய் எழுந்து வந்து தேநீர் கொடுத்தார். பிறகு கூப்பிட்டார்கள். அவள் அறையில் மேஜை ஜன்னல் பக்கம் மாறியிருந்தது. அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது. பதினான்கு வருடம் எனக்கு அது தோன்றவில்லையே என்று நினைத்ததும் பழைய பொறாமை கொஞ்சம் எழுந்தது. எழுந்தால் எழட்டும் என்று உட்கார்ந்தேன்.

பாய் தட்டச்சு செய்த சான்றிதழை அவள் படித்தாள். ‘பணிக்காலத்தில் இவரது நடத்தை’ என்ற இடத்தில் கோடு விட்டிருந்தது. பேனாவைத் திறந்து ‘நன்று’ என்று எழுதினாள்.

நான் எல்லோருக்கும் ‘மிக நன்று’ என்றுதான் எழுதுவேன். சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “வெறும் நன்றுதானா?” என்றேன்.

“எல்லாருக்கும் மிக நன்றுன்னு எழுதுனா அதுக்கு மதிப்பு இருக்காதுங்க,” என்றாள். பள்ளியில் அவள் என்னை ‘சார்’ என்று அழைக்காத முதல் நாள் அது. பிறகு, “உக்காருங்க, தாளாளர் கையெழுத்துக்கு நானே ஆளனுப்புறேன்,” என்று மணியை அழுத்தினாள்.

கூடலூரில் அந்தச் சான்றிதழை வாங்கிய முதல்வர், என்னைவிடப் பத்து வயது இளையவர், என்ன இருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்காமல் கோப்பில் வைத்தார். நான் ஏழாம் வகுப்புக்குப் போனேன்.